ஏசி சர்வீஸ் விளம்பரம்: ஒரு டிஷ்யூ கீற்றை மட்டும் காட்டி முப்பது வினாடியை நிரப்ப முடியுமா?

உறையூர்_பிரதி எழுதியது:

திருச்சியில் மூன்று மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டு ஏசி சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்கு முப்பது வினாடி விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாசி நடுவில் தொடங்கிப் பங்குனி முடியும்வரை உள்ளூர் கேபிளிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடவேண்டும். சித்திரை பிறந்துவிட்டால் அந்தக் கடைக்கு விளம்பரமே தேவையில்லை. வரும் அழைப்புகளுக்கு ஆள் அனுப்ப முடியாமல் திணறுவார்கள். வெயில் ஏறும் முன்பே வேலையைப் பரவலாக்கிக்கொள்வதுதான் அவர்களுடைய நோக்கம்.

வசனத்தைக் குறைத்து, கண்ணால் பார்த்தே நம்பக்கூடிய ஒரே ஒரு செய்முறையை வைத்து எழுதலாம் என்று நினைக்கிறேன். இப்போதைய வரைவு இதுதான். இன்டோர் யூனிட்டின் காற்று வரும் வாயில் ஒரு டிஷ்யூ கீற்றை ஒட்டுகிறோம். ஏசி ஓடுகிறது, கீற்று லேசாக மட்டும் ஆடுகிறது. மெக்கானிக் வந்து சர்வீஸ் செய்கிறார். அதே கீற்று படபடவென்று பறக்கிறது. கடையின் பெயர், தொலைபேசி எண். அவ்வளவுதான்.

கடை உரிமையாளருக்கு இது போதவில்லை. வாளியில் கறுப்புத் தண்ணீர் விழுவதைக் காட்டவேண்டும் என்கிறார். கூடவே "கரண்ட் பில் பாதியாகும்" என்றொரு வரியும் வேண்டுமாம். படப்பிடிப்பு அடுத்த வாரம். இந்தத் தொழிலை அறிந்தவர்கள் இந்தச் செய்முறை நிற்குமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கடைவீதி_சர்வீஸ் எழுதியது:

நானும் இதே தொழிலில் இருப்பவன், வேறு ஊரில். உரிமையாளர் சொல்வதே சரி என்பேன். ஜெட் வாஷ் அடிக்கும்போது ஏசிக்குக் கீழே கட்டிய பையிலிருந்து குழாய் வழியாக வாளிக்குள் இறங்கும் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்த எந்த வீட்டம்மாவும் அடுத்த வருடம் தாமாகவே கூப்பிடுகிறார். டிஷ்யூ பேப்பர் ஆடுவதைப் பார்த்து யார் போன் செய்யப்போகிறார்கள்? அருவருப்பு வரவேண்டும், அப்போதுதான் கை போனை எடுக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

டிஷ்யூவும் வேண்டாம், கறுப்புத் தண்ணீரும் வேண்டாம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் காற்று வரும் இடத்தில் வையுங்கள். சர்வீஸுக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். குளிர்ச்சியை வாங்குபவனுக்குக் குளிர்ச்சியைத்தானே அளந்து காட்டவேண்டும்? எண்ணை மறுத்துப் பேச யாராலும் முடியாது. நல்ல நிலையில் இருக்கும் ஏசியில் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் பத்து டிகிரியை ஒட்டி வித்தியாசம் இருக்கும் என்று என் வீட்டு மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார்.

பழைய_மெக்கானிக் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா சொல்லும் பத்து டிகிரிக் கணக்கு தவறில்லை. மெக்கானிக்குகள் அதைப் பார்ப்பதுண்டு. ஆனால் இந்த விளம்பரத்தில் தெர்மாமீட்டரை வைத்தால் அது கடைக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

ஃபில்டரும் ப்ளோயரும் அழுக்கேறிய ஏசியில் கூலிங் காயிலின் மேல் ஓடும் காற்றின் அளவு குறைகிறது. கொஞ்சம் காற்று மெதுவாகக் கடந்து போவதால் அது அதிகமாகக் குளிர்ந்து வெளியே வருகிறது. ஆகவே அழுக்கான நிலையில் வாயில் 10 டிகிரி காட்டும் அதே ஏசி, நன்றாகச் சுத்தம் செய்தபின் 13 டிகிரி காட்டக்கூடும். அறை முன்னைவிட விரைவாகக் குளிரும், ஆனால் திரையில் தெரியும் எண் ஏறியிருக்கும். அதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? "சர்வீஸ் செய்து கெடுத்துவிட்டான்" என்றுதான். ஏசியின் வாயில் கையை வைத்து "ஐஸ் மாதிரி வருகிறதே, எதற்கு சர்வீஸ்?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அவர்கள் கையில் படுவது குளிர், காணாமற்போனது காற்று.

அதனால் காற்றைக் காட்டும் டிஷ்யூதான் சரியான சாட்சி. கறுப்புத் தண்ணீர் அழுக்கு வெளியே வந்ததைக் காட்டும், ஏசியில் என்ன மாறியது என்பதைக் காட்டாது. வாசல் மிதியடியை அலசினாலும் கறுப்புத் தண்ணீர்தான் வரும்.

கீழச்சிந்தாமணி_வாசகி எழுதியது:

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். தலைப்பைப் பார்த்து சர்வீஸ் பற்றிய சந்தேகங்களைக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் படுக்கையறை ஏசியின் மூடியைத் திறந்தால் உள்ளே காயிலில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. இரவு முழுவதும் ஓடியும் அறை குளிரவில்லை. விடியற்காலையில் சுவரோரம் தண்ணீர் சொட்டுகிறது. கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பவேண்டும் என்று வந்தவர் சொல்கிறார். நிரப்பலாமா?

பழைய_மெக்கானிக் எழுதியது:

அம்மா, இது வேறொரு இழையில் கேட்கவேண்டிய கேள்விதான், ஆனாலும் இங்கே பேசுகிற விஷயத்தோடு ஒட்டியே வருகிறது. பனி படிவதற்குக் கேஸ் குறைவதும் ஒரு காரணம், காற்று குறைவதும் ஒரு காரணம். காற்று ஓடாவிட்டால் காயில் உறைநிலைக்குக் கீழே இறங்கி, அதன்மேல் படியும் ஈரமே பனியாகிவிடும். ஏசியை நிறுத்தியதும் அது உருகி, தட்டு கொள்ளாமல் சுவரில் வழியும். முதலில் ஏசியை அணைத்துப் பனி முழுவதும் உருகவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, காயவைத்து மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் பனி படிந்தால் ப்ளோயரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதும் தீராவிட்டால் கேஸைப் பற்றிப் பேசலாம். கேஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றுவது, வண்டிப் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் மறுபடி போகும்.

பிரதி எழுதுபவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. "கேஸ் செக்கப் இலவசம்" என்று கடைசி வரியில் சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். படத்தில் நீங்கள் காட்டும் செய்முறைக்கும் கேஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சட்டகம் எழுதியது:

நான் படத்தொகுப்பு செய்பவன். ஏசியின் வாயில் டிஷ்யூவை ஒட்டும் யோசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இடத்தில் காற்று மிக அருகிலிருந்து வருவதால், அழுக்கு ஏசியாக இருந்தாலும் மெல்லிய கீற்று பறக்கத்தான் செய்யும். முன்பும் பறக்கிறது, பின்பும் பறக்கிறது. கைப்பேசித் திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வித்தியாசம் தெரியவேண்டுமென்று கனமான காகிதத்தை எடுத்தால், நமக்கு வேண்டிய முடிவு வரும்வரை காகிதத்தை மாற்றிக்கொண்டே போகிறோம் என்றாகிவிடும். அது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று, பலர் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள். தொங்கும் கீற்று, எழும் கீற்று என்று இரண்டே நிலைகள் இருந்தால்தான் பேச்சில்லாமல் புரியும். "குறைவாகப் படபடக்கிறது, அதிகமாகப் படபடக்கிறது" என்பது புரியாது.

பழைய_மெக்கானிக் எழுதியது:

சட்டகம் சொல்வது நியாயம். கீற்றை ஏசியில் ஒட்டாதீர்கள். கட்டிலுக்கு மேலே தொங்கவிடுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏசிக்கு எதிர்ப்பக்கம் கட்டில் கிடந்தால், இடையே ஏழெட்டு அடி இருக்கும். கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே குறுக்காக ஒரு நூல் கட்டி, அதில் கீற்றைத் தொங்கவிடுங்கள். இரண்டு அடுக்கு டிஷ்யூவைப் பிரித்து ஒற்றை அடுக்காக, இரண்டு விரல் அகலத்தில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் எடுத்தால் போதும். அழுக்கேறிய ப்ளோயரின் காற்று அவ்வளவு தூரம் வந்து சேராது. பாதி வழியிலேயே தளர்ந்துவிடும். சுத்தமான ப்ளோயரின் காற்று வந்து சேரும். மேலும் வாடிக்கையாளருக்கு வேண்டியதும் அதுதான். ஏசியின் வாயில் காற்று எப்படி வருகிறது என்பது அவருக்கு எதற்கு? படுத்திருக்கும் இடத்துக்கு வருகிறதா என்பதே அவர் கேட்கும் கேள்வி.

ஆனால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். சீலிங் ஃபேன் நிற்கவேண்டும், அது நிற்பது சட்டகத்துக்குள் தெரியவும் வேண்டும். நம் வீடுகளில் ஏசியோடு ஃபேனையும் போடுவது வழக்கம் என்பதால், பார்ப்பவர் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். ஸ்விங்கை நிறுத்தி, காற்று வாயின் தகட்டை எல்லாக் காட்சிகளிலும் ஒரே சாய்வில் வையுங்கள். காற்று வேகத்தை ஆட்டோவில் விடாதீர்கள். அறை குளிரக் குளிர இன்வெர்ட்டர் ஏசி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரிமோட்டில் ஃபேன் மோடுக்கு மாற்றி, உச்ச வேகத்தில் நிறுத்துங்கள்.

ஜெட் வாஷ் முடிந்த உடனே படம் எடுக்கவும் கூடாது. முதல் சில நிமிடங்கள் ப்ளோயர் நீர்த்துளிகளைத் தெறிக்கும், காற்றும் ஈரமாக வரும். டிஷ்யூ அதை உறிஞ்சிக் கனத்து, கம்பிபோல நேராகத் தொங்கும். சர்வீஸ் செய்தபின் நிலை மோசமானதுபோலத் தோன்றும். அரைமணி நேரம் ஓடவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் எடுங்கள்.

உறையூர்_பிரதி எழுதியது:

கட்டில் யோசனை முழு விளம்பரத்தையும் மாற்றிவிடுகிறது, மிக்க நன்றி. ஒரு கேள்வி. ஃபில்டரை மட்டும் கழுவினாலே கீற்று எழுந்துவிட்டால் என்ன செய்வது? அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே. உரிமையாளர் இதைத்தான் கேட்கிறார்.

பழைய_மெக்கானிக் எழுதியது:

அந்தக் கேள்வியை மறைப்பதைவிடப் படத்துக்குள்ளேயே கொண்டுவருவது நல்லது.

இரண்டு இடத்தில் அழுக்கு தங்குகிறது. ஒன்று, முன்னால் இருக்கும் வலை, அதாவது ஃபில்டர். அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவ மெக்கானிக் தேவையில்லை. மற்றொன்று ப்ளோயர். அது நீளமான உருளை, அதன் சுற்றிலும் வளைந்த மெல்லிய தகடுகள். அந்த வளைவுகளின் குழிவில்தான் காற்று பிடிபடுகிறது. ஃபில்டரைத் தப்பி உள்ளே வரும் நுண்தூசி, ஈரத்தோடு சேர்ந்து அந்தக் குழிவில் அப்பிக்கொள்ளும். நாளாக நாளாகக் குழிவு தூர்ந்து, தகடு தட்டையாகிவிடும். மோட்டார் அதே வேகத்தில் சுற்றும், சத்தமும் வரும், ஆனால் காற்றை அள்ளித் தள்ள முடியாது. சில ஏசிகளில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகப் படிந்து உருளை ஆட்டம் கொடுக்கும். அங்கே காற்று சீராக வராமல் விட்டுவிட்டு வரும், விர்ரென்று ஒரு அதிர்வும் கேட்கும். இதை வீட்டில் சுத்தம் செய்ய முடியாது. தண்ணீர் போகக்கூடாத இடத்தில் மின்பலகை இருக்கிறது, மூடி, பை, பம்ப் எல்லாம் வேண்டும்.

எனவே மூன்று நிலைகளைக் காட்டுங்கள். அழுக்கான நிலை, ஃபில்டரை மட்டும் கழுவிய நிலை, ப்ளோயரையும் காயிலையும் கழுவிய நிலை. இரண்டாம் நிலையில் கீற்று கொஞ்சம் அசையும், மூன்றாம் நிலையில் எழும். வீட்டுக்காரர் கை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கடையின் வேலை தொடங்குகிறது என்பது பேசாமலே விளங்கிவிடும்.

கடைவீதி_சர்வீஸ் எழுதியது:

நன்றாக இருக்கிறது, ஆனால் யாருக்கு நல்லது? இதைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் ஃபில்டரைக் கழுவி, கட்டிலுக்கு மேல் ஒரு டிஷ்யூவைத் தொங்கவிட்டு, "நம் ஏசி நன்றாகத்தான் இருக்கிறது" என்று படுத்துவிடுவார்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுப்பவர் கடைக்காரர், வாடிக்கையாளர் அல்ல. மேலும், எல்லா ஏசியிலும் இரண்டாம் நிலையில் கீற்று இப்படி நடுவில் நிற்காது. போன வருடம் சர்வீஸ் செய்த ஏசியில் ஃபில்டரைக் கழுவினாலே முழுக் காற்றும் வந்துவிடும். படப்பிடிப்புக்கு எந்த ஏசியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே முடிவு அடங்கியிருக்கிறது. இல்லையென்றால் ப்ளோயரில் கொஞ்சம் சாம்பலையும் கோந்தையும் பூசிவிட்டால் போகிறது, எல்லோரும் செய்வதுதான்.

சட்டகம் எழுதியது:

சாம்பல் வேண்டாம் ஐயா. செய்முறை விளம்பரத்தில் இது பழைய வழக்கு. அமெரிக்காவில் 1959-இல் ஒரு சவரக் கிரீம் விளம்பரத்தில் உப்புத்தாளின்மேல் கிரீமைத் தடவி, அடுத்த நொடியே பிளேடால் வழித்துக் காட்டினார்கள். உண்மையில் அது உப்புத்தாளே அல்ல, மணல் ஒட்டிய பிளெக்ஸிகிளாஸ். நிஜ உப்புத்தாளை அப்படி வழித்தெடுக்க வேண்டுமானால் அது ஏறத்தாழ 80 நிமிடம் ஊறவேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1965-இல் கோல்கேட் நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. "நீங்களே கண்ணால் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, பார்ப்பவர் காண்பது வேறொரு பொருள் என்பதை மறைத்ததுதான் குற்றமாயிற்று. கிரீம் நல்லதா கெட்டதா என்பது அங்கே முக்கியமாக இருக்கவில்லை.

நம் நாட்டிலும் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கான நெறிமுறைகள் 2022-இல் வந்துவிட்டன. விளம்பரத்தில் வரும் பொறுப்புத்துறப்பு, எந்த மொழியில் உரிமைகோருகிறோமோ அதே மொழியில் இருக்கவேண்டும். பொய்யான உரிமைகோரலை அடியில் ஒரு சிறு வரி போட்டுச் சரிசெய்துவிடவும் முடியாது. ஆகவே "கரண்ட் பில் பாதி" என்று எழுதி, நட்சத்திரக் குறியிட்டுத் தப்பிக்கும் வழியும் அடைபட்டிருக்கிறது.

ஏசியைத் தேர்ந்தெடுப்பது பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பல நாள் சர்வீஸ் செய்யாத ஏசி என்பதைத் திரையிலேயே எழுதிவிடலாம். அது போதுமா என்பதில் எனக்கே முழு நிச்சயம் இல்லை.

பழைய_மெக்கானிக் எழுதியது:

மின்கட்டணத்தைப் பற்றி ஒரு வரி. அழுக்கு ஏசி அதே குளிர்ச்சிக்கு அதிக நேரம் ஓடுகிறது, ஆகவே சுத்தம் செய்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பது உண்மை. எவ்வளவு மிச்சம் என்பது அந்த வீட்டின் அழுக்கையும், வெயிலையும், ரிமோட்டில் வைக்கும் டிகிரியையும் பொறுத்தது. பாதி என்று எந்த மெக்கானிக்காலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

உறையூர்_பிரதி எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து மறுபடி எழுதியிருக்கிறேன்.

*முதல் 6 வினாடி.* அசையாத கேமரா. ஒரு படுக்கையறை, பின்சுவர் கரும்பச்சை. இடது மேலே ஏசி, வலது கீழே கட்டில், தலைமாட்டுக்கு மேல் நூலில் தொங்கும் வெள்ளைக் கீற்று. சீலிங் ஃபேன் நிற்கிறது. ஒரு பெண் ரிமோட்டை அழுத்துகிறார், பீப் ஒலி. கீற்று அசையவில்லை. குரல்: "ஏசி ஓடுது. காத்து கட்டிலுக்கு வரலை."

*6 முதல் 13 வரை.* அவரே ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, காய்ந்ததும் மாட்டுகிறார். மறுபடி அதே சட்டகம். கீற்று லேசாக அசைகிறது. குரல்: "ஃபில்டரை நீங்களே கழுவலாம். கொஞ்சம் வரும்."

*13 முதல் 21 வரை.* மெக்கானிக் மூடியைத் திறக்கிறார். ப்ளோயர் மிக அருகில். தகடுகளின் குழிவை அடைத்திருக்கும் தூசியை ஒரு தூரிகையின் நுனி கீறிக் காட்டுகிறது. ஜெட் வாஷ். வாளியில் கறுப்புத் தண்ணீர், ஒரே ஒரு வினாடி. குரல் இல்லை, நீரின் ஓசை மட்டும்.

*21 முதல் 30 வரை.* அதே சட்டகம், அதே கீற்று. பீப். இரண்டு வினாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு கீற்று எழுந்து சாய்ந்து நிற்கிறது. குரல்: "மிச்சம் எங்க வேலை. சித்திரை வெயிலுக்கு முன்னாடியே கூப்பிடுங்க." கடைப் பெயர், எண்.

படம் முழுவதும் அடியில் தெரியும் எழுத்து: "ஒரே அறை, ஒரே ஏசி, ஃபேன் மோடு, உச்ச வேகம். நீண்டநாள் சர்வீஸ் செய்யாத ஏசி."

முந்தைய வரைவில் "பாதி காத்து வரும்" என்று இருந்தது. அளக்காத அளவு என்பதால் "கொஞ்சம்" ஆக்கிவிட்டேன்.

சட்டகம் எழுதியது:

அந்த இரண்டு வினாடி மௌனத்தை யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். எழுமா எழாதா என்று பார்ப்பவர் காத்திருப்பது அங்கேதான். அறையில் ஒரு சுவர்க்கடிகாரமும் இருக்கட்டும். நடுவில் வெட்டு விழுவதை மறைக்க முடியாது. கடிகார முள் நகர்ந்திருப்பதைக் காட்டினால் வெட்டு நேர்மையாகத் தெரியும். ஆட்கள் நடமாடும்போதும் கதவு திறக்கும்போதும் கீற்று ஆடும், அது அடங்கியபின் ஓட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தெர்மாமீட்டரை விட்டுவிடுகிறேன், ஆனால் ஃபேன் மோடில் எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ஏசி விளம்பரத்தில் கம்ப்ரஸரே ஓடவில்லை என்றால் அது மின்விசிறி விளம்பரம்தானே? நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பழைய_மெக்கானிக் எழுதியது:

கேட்கவேண்டிய கேள்விதான். குளிர்ந்த காற்று கனமானது, கூல் மோடில் அது போகும் வழியே தாழ்ந்து விழும். கீற்றை வேறு உயரத்தில் கட்டவேண்டியிருக்கும். வேகமும் தன்னிஷ்டத்துக்கு மாறும். மூன்று நிலைகளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட ஃபேன் மோடே சுத்தமான வழி. கீற்று காற்றை மட்டும்தான் காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவுட்டோர் யூனிட்டில் அழுக்கு இருந்தாலும், கேஸ் கசிந்திருந்தாலும் கீற்று நன்றாகவே எழும், அறை மட்டும் குளிராது. அதனால்தான் குரலில் "குளிர்ச்சி" என்ற சொல்லே வராமல் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கீழச்சிந்தாமணி_வாசகி எழுதியது:

ஐயா சொன்னபடி ஃபில்டரைக் கழுவி ஓட்டினோம். இரண்டு இரவாகப் பனி படியவில்லை, தண்ணீரும் சொட்டவில்லை. கட்டிலுக்கு மேல் டிஷ்யூவையும் கட்டிப் பார்த்தேன், அசைகிறது, ஆனால் எழவில்லை. இதற்கு சர்வீஸ் வேண்டுமா, வேண்டாமா?

கடைவீதி_சர்வீஸ் எழுதியது:

வேண்டும் அம்மா, ப்ளோயரில் இருக்கிறது. பிரதி ஐயா, ஒருவராவது கூப்பிடும் நிலைக்கு வந்திருக்கிறார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவருக்குக் கீற்று முழுதாக எழுந்திருந்தால் கடை ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்கும், அதற்கு உங்கள் உரிமையாளர் என்ன சொல்கிறார்?

உறையூர்_பிரதி எழுதியது:

இன்று மாலை பேசினேன். இரண்டாம் நிலையை எடுத்துவிட்டு முன், பின் என்று மட்டும் வைக்கமுடியுமா என்று கேட்கிறார். கறுப்புத் தண்ணீரை மூன்று வினாடியாக நீட்டித் தருகிறேன், ஃபில்டர் காட்சி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை இரண்டு விதமாகவும் எடுத்துவைத்துக்கொண்டு, அவரையே உட்காரவைத்து ஒலியில்லாமல் போட்டுக்காட்டப்போகிறேன்.